நாட்டுக்கோழிக் குழம்பு உப்புக் கரிக்கிறது, ராத்திரி விருந்தாளி வருகிறார்கள்

காரைக்குடி மருமகள் | ஞாயிறு, காலை 10:50

இன்று ராத்திரி மாமனார் வழிச் சொந்தம் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள். இரண்டு கிலோ நாட்டுக்கோழியில் குழம்பு வைத்து இப்போதுதான் இறக்கினேன். வாயில் வைக்க முடியவில்லை, அப்படிக் கரிக்கிறது. விசாரித்தால், காலையில் அத்தை கறியைக் கழுவி மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பை அப்படியே போட்டாயிற்று. கொட்ட மனசில்லை, இந்தக் கோழி கிடைப்பதே பெரும்பாடு. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்கிறார்கள். உண்மையா? எத்தனை கிழங்கு போட வேண்டும்?

தேவகோட்டை ஆச்சி | காலை 11:02

பயப்படாதே ஆத்தா. நாலு உருளைக்கிழங்கைத் தோல் சீவி முழுசாகப் போட்டுக் கொதிக்கவிடு, வெந்ததும் எடுத்துவிடு. கிழங்கு இல்லையென்றால் பச்சரிசி மாவைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து எலுமிச்சம்பழம் அளவு உருட்டிப் போடு. உப்பையெல்லாம் அது குடித்துவிடும். எங்கள் வீட்டில் காலங்காலமாக இதைத்தான் செய்கிறோம்.

மலேசியா மச்சான் | காலை 11:09

அருமையான தலைப்பு! உப்புக்கறி என்றால் ஆட்டுக்கறியில் செய்வதுதான் ருசி. சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய வரமிளகாய், நல்லெண்ணெய், உப்பு, இவ்வளவுதான். மசாலாப் பொடி எதுவும் போடக் கூடாது. கோழியில் செய்வதென்றால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், கோழி தானாகவே தண்ணீர் விடும்.

காரைக்குடி மருமகள் | காலை 11:12

அண்ணே, நான் உப்புக்கறி செய்யவில்லை. நான் செய்த கறியில்தான் உப்பு!

மலேசியா மச்சான் | காலை 11:14

அடடா. பாதி தலைப்பைப் படித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்களேன்.

பழைய கரண்டி | காலை 11:20

தங்கச்சி, எதையும் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். அத்தை எத்தனை ஸ்பூன் போட்டார்கள், நீங்கள் எத்தனை போட்டீர்கள்? கல் உப்பா, தூள் உப்பா? குழம்பு சாறு மட்டும் எத்தனை லிட்டர் இருக்கும்? கல்யாண வீட்டு அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவன் நான். உப்பு கூடிய குழம்பில் கண்மூடித்தனமாக ஏதாவது போடப் போய்த்தான் அது மொத்தமாகக் கெடும்.

எலுமிச்சையை இப்போது தொட வேண்டாம். புளிப்பு வந்தால் நாக்கு கொஞ்சம் திசை திரும்பும், உப்பு குறையாது. லேசான புளிப்பு உப்பைத் தூக்கிக் காட்டவும் செய்யும்.

காரைக்குடி மருமகள் | காலை 11:31

அத்தையிடம் கேட்டுவிட்டேன். அவர்கள் தூள் உப்பு டீஸ்பூனால் மூன்று. நான் அதே ஸ்பூனால் ஆறு, தலைதட்டிப் போட்டதுதான். சாறு ஒன்றரை லிட்டர் இருக்கும். தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து ஊற்றியாயிற்று.

பழைய கரண்டி | காலை 11:52

சரி, இப்போது கணக்கு போடலாம். தூள் உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன் ஆறு கிராம் வரும். ஒன்பது ஸ்பூனுக்கு 54 கிராம். கறி இரண்டு கிலோ, சாறு ஒன்றரை, மொத்தம் மூன்றரைக் கிலோ என்று வையுங்கள். அப்படியானால் நூறு கிராம் குழம்புக்கு ஒன்றரைக் கிராம் உப்பு. என் அனுபவத்தில் நூறுக்கு ஒன்று சுகமாக இருக்கும். ஒன்றேகாலுக்குள் இருந்தால் உப்பில்லாத வெறும் சோற்றில் பிசையும்போது தெரியாது. ஒன்றரையைத் தொட்டால் எல்லோருக்குமே கரிக்கும்.

குழம்புக்குள் போன உப்பை எதுவும் வெளியே இழுக்காது. ஆச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது, கிழங்கும் இழுக்காது. உப்பில்லாத ஒரு பொருள் உள்ளே வருகிறது, இருக்கிற உப்பில் அதுவும் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நடுத்தரமாக மூன்று கிழங்கு முந்நூறு கிராம் வரும். அது முழுசாகப் பங்கு வாங்கினாலும் உங்கள் ஒன்றரை, 1.4 ஆகும். அதற்கே சின்னத் துண்டாக நறுக்கி இருபது நிமிஷம் வேகவிட வேண்டும். முழுக் கிழங்கென்றால் நடுவில் உப்பு போய்ச் சேரவே நேரமாகும். உப்பு கொஞ்சமாகக் கூடிப்போன குழம்புக்கு அது போதும். உங்களுடையதற்குப் போதாது.

நான் என்றால் இப்படிச் செய்வேன். முதலில் கறித்துண்டுகளைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டு, சாற்றில் அரை லிட்டரை மொண்டு வேறு பாத்திரத்தில் வையுங்கள். நாளைக்கு அதில் தண்ணீர் சேர்த்து முட்டைக் குழம்பு வைக்கலாம், உப்பே போடாமல். இதிலேயே எட்டு கிராம் போல உப்பு வெளியே போய்விடும். அப்புறம் உப்பில்லாத புதுச்சாறு ஒரு கிலோ அளவுக்குத் தயார் செய்ய வேண்டும். கால் கிலோ சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, அதோடு கால் கிலோ தக்காளியையும் கரைய வதக்குங்கள். ஒரு மூடித் தேங்காயை சோம்போடு மைய அரைத்துச் சேர்த்து, நானூறு மில்லி வெந்நீர் ஊற்றுங்கள். வதக்கும்போது கை தானாக உப்பு டப்பாவுக்குப் போகும், ஜாக்கிரதை. பச்சை வாசனை போனதும் பழைய சாற்றோடு கலந்து, கறியைப் போட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் கால் மணி நேரம். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் தண்ணீர் சுண்டி, குறைத்த உப்பு திரும்பவும் ஏறிவிடும்.

கடைசியில் நான்கு கிலோ குழம்பில் 46 கிராம் உப்பு நிற்கும். நூறுக்கு 1.2க்குக் கொஞ்சம் கீழே. சோறு தாங்கிக்கொள்ளும்.

தேவகோட்டை ஆச்சி | மதியம் 12:05

கோபமெல்லாம் இல்லை தம்பி. ஆனால் நாங்கள் கிழங்கை எடுத்துக் கொட்டுவதில்லை, குழம்பில் மசித்துத்தான் விடுவோம், அதனால்தான் எங்களுக்குச் சரியாக வருகிறது போல. இன்னொன்று சொல்கிறேன். வெந்நீருக்குப் பதில் அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை ஊற்றலாம். மண்டிக்கு ஊற்றுவோமே, அதேதான். குழம்பு நீர்த்துப் போகாமல் கெட்டியாக நிற்கும். முதல் தண்ணீரில் தூசி தும்பு இருக்கும், அது வேண்டாம்.

பழைய கரண்டி | மதியம் 12:09

நல்ல யோசனை ஆச்சி, எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. ஊற்றினால் பச்சைத் தண்ணீர் வாடை போகும்வரை கொதிக்க வேண்டும்.

ஆய்வகக் கரண்டி | மதியம் 12:24

உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி நான். அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அத்தை காலையிலேயே பிசறி வைத்ததால் கறிக்குள் உப்பு நன்றாக இறங்கியிருக்கும். உப்பு குறைந்த சாற்றில் அதைப் போட்டதும் உள்ளே இருப்பது மெதுவாக வெளியே வரும். கலந்த கையோடு சாற்றை ருசி பார்த்து "குறைந்துவிட்டது" என்று நினைத்தால், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் தூக்கலாகத் தெரியலாம். அரை மணியாவது விட்டு, கொதி அடங்கி வெதுவெதுப்பான பிறகு, ஒரு வாய்ச் சோற்றில் பிசைந்து பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் உப்பு சரியாகப் பிடிபடாது.

வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். சர்க்கரை, தேங்காய்ப்பால் எல்லாம் உப்பை மறைக்கும், குறைக்காது. பங்கு போடுவது ஒன்றுதான் உண்மையில் குறைக்கும். அதிலும் அவர்கள் சாற்றைக் குறைவாக ஊற்றிக்கொள்வது நல்லது.

காரைக்குடி மருமகள் | மதியம் 12:30

மாமாவுக்கு இருக்கிறது. அவருக்குத் தனியாக ரசம் வைத்துவிடுகிறேன். சரி, அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

புதுவயல் பேச்சிலர் | மதியம் 1:15

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். சுரைக்காய்க் கூட்டு வைத்தேன், கசக்கிறது. காய் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தேங்காய்ப்பாலும் கொஞ்சம் வெல்லமும் போட்டால் சரியாகுமா? ஒரு குக்கர் நிறைய இருக்கிறது, மூன்று பேருக்கு அதுதான் சாப்பாடு.

ஆய்வகக் கரண்டி | மதியம் 1:18

சாப்பிடாதீர்கள். கொட்டிவிடுங்கள். யாராவது சாப்பிட்டாயிற்றா?

புதுவயல் பேச்சிலர் | மதியம் 1:20

ஒரு ஸ்பூன் ருசி பார்த்தேன், அவ்வளவுதான். ஏன், என்ன?

ஆய்வகக் கரண்டி | மதியம் 1:29

சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி இந்த மூன்றும் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அதில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு கூடியிருக்கிறது என்று அர்த்தம். வேகவைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது வரை போகும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரிழந்தவர்களும் உண்டு. தேங்காய்ப்பால் ஊற்றினால் கசப்பு மறையும், நச்சு அப்படியே இருக்கும், நீங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவீர்கள். அதுதான் ஆபத்து. ஒரு ஸ்பூன்தான் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் வயிற்றைப் பிசைந்தாலோ வாந்தி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய், சுரைக்காய் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை நறுக்கும்போதே காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள்.

மலேசியா மச்சான் | மதியம் 1:33

பாகற்காயும் கசக்கத்தானே செய்கிறது? அதைத்தான் தினமும் சாப்பிடுகிறோமே.

ஆய்வகக் கரண்டி | மதியம் 1:36

பாகற்காய் கசப்பது அதன் இயல்பு, அந்தக் கசப்புப் பொருளும் வேறு. கசக்கக் கூடாத காய் கசந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

புதுவயல் பேச்சிலர் | மதியம் 1:40

கொட்டியாயிற்று. தயிர்சாதம். நன்றி அக்கா.

காரைக்குடி மருமகள் | மதியம் 2:45

உப்பு இறங்கிவிட்டது! சோற்றில் பிசைந்து பார்த்தேன், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இப்போது புதுத் தலைவலி. விழுங்கின பிறகு தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு கசப்பு நிற்கிறது. காலையில் இது இல்லவே இல்லை. புதிதாகச் சேர்த்ததில் ஏதாவது கெட்டுப்போனதா?

ஆய்வகக் கரண்டி | மதியம் 2:58

காலையிலும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம், உப்பு அதை மூடியிருக்கும். உப்பு நாக்கில் கசப்பை அமுக்கும். 1997ல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். உப்பு மற்றச் சுவைகளைத் தூக்கிக் காட்டுவது போலத் தெரிவதற்கு, அது கசப்பை அடக்குவதே பெரிய காரணம் என்பது அவர்கள் கண்டது. நீங்கள் உப்பைக் குறைத்ததும் மூடி திறந்துவிட்டது.

சோதித்துப் பார்க்க, ஒரு கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்து ஒரு சிட்டிகை உப்பு போட்டு ருசி பாருங்கள். கசப்பு பின்னால் போனால் நான் சொன்னதுதான். குழம்பு முழுக்கப் போட்டுவிடாதீர்கள்!

பழைய கரண்டி | மதியம் 3:05

சட்டியில் இப்போதைக்கு ஒன்றும் சேர்க்காதீர்கள். கசப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வெல்லம் போட ஆரம்பித்தால் இனிப்புக் குழம்புதான் மிஞ்சும். நான்கு இடத்தில் தேடுங்கள்.

முதலில் அடிச்சட்டி. கரண்டியால் அடியைத் தடவினால் பிடித்திருக்கிறதா, புகைவாடை வருகிறதா? பிடித்திருந்தால் சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் உடனே வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் மேலே மிதக்கும் எண்ணெய். அதை மட்டும் ஒரு ஸ்பூனில் எடுத்து நாக்கில் வையுங்கள். மிளகாயோ சோம்போ கருகியிருந்தால் அந்தக் கசப்பு பெரும்பாலும் எண்ணெயோடு சேர்ந்திருக்கும். மூன்றாவது, நீங்கள் வறுத்து அரைத்த மசாலாப் பொடி மிச்சம் இருந்தால் ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக் குடித்துப் பாருங்கள். கடைசியாக ஈரல். நாட்டுக்கோழியை அறுக்கும்போது பித்தப்பை உடைந்தால் ஈரலிலும் பக்கத்துக் கறியிலும் பச்சைக் கறை இருக்கும், கடித்தால் கசப்பு தூக்கியடிக்கும். அதுவாக இருந்தால் பேசிப் பயனில்லை, அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எறிவதைத் தவிர வழி கிடையாது.

காரைக்குடி மருமகள் | மதியம் 3:27

ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். அடி பிடிக்கவில்லை. ஈரல் நன்றாக இருக்கிறது, பச்சைக் கறை எதுவும் இல்லை. எண்ணெய் கசக்கிறது. பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன், உடனே ஒன்றும் இல்லை, கொஞ்சம் கழித்து லேசாகக் கரிக்கட்டை மாதிரி. வறுக்கும்போது வரமிளகாய் ஒரு பக்கம் கறுத்ததைப் பார்த்தேன், அடுத்த அடுப்பில் பால் பொங்கியதால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். கல்பாசியும் கை நிறையப் போட்டிருந்தேன்.

இன்னொன்று. நீங்கள் வெங்காயத்தை வதக்கச் சொன்னீர்கள். அவசரத்தில் பாதியை வதக்காமல் தேங்காயோடு சேர்த்துப் பச்சையாகவே மிக்சியில் அரைத்துவிட்டேன். ஜாரில் ஒட்டியிருந்ததை வழித்து ருசி பார்த்தேன், அதுவும் கசக்கிறது.

தேவகோட்டை ஆச்சி | மதியம் 3:34

அதுதான்! சின்ன வெங்காயத்தைப் பச்சையாக மிக்சியில் ஓட்டினால் கசப்பு ஏறத்தான் செய்யும். அம்மியில் வைத்துத் தட்டினால் அவ்வளவு வராது. மசாலா மேல் பழி போடாதே.

பழைய கரண்டி | மதியம் 3:41

ஆச்சி, வெங்காயம்தான் காரணம் என்றால் எண்ணெய் ஏன் கசக்க வேண்டும்? அந்த எண்ணெய் காலையில் மசாலா வதங்கிய எண்ணெய். கறுத்த மிளகாயும் கை நிறைய கல்பாசியும் போதாதா? இரண்டு கிலோ கறிக்கு கல்பாசி விரல் நுனியில் கிள்ளி எடுக்கிற அளவுதான். வாசனைக்குப் போடுவது, கூடினால் மண்வாடையும் கசப்பும்தான் மிஞ்சும். வெங்காயமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை.

தேவகோட்டை ஆச்சி | மதியம் 3:44

புதுச்சாறு கலந்த பிறகுதானே கசந்தது?

ஆய்வகக் கரண்டி | மதியம் 3:47

ஆச்சி, உப்பு குறைந்ததும் அப்போதுதான். ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் எது என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. கிண்ணத்தில் உப்பு போட்டுப் பார்த்தீர்களா அக்கா?

காரைக்குடி மருமகள் | மாலை 3:50

பார்த்தேன். கசப்பு பாதிக்குப் பாதி அடங்கியது. ஆனால் உப்பு மறுபடியும் காலையில் இருந்த மாதிரி.

பழைய கரண்டி | மாலை 4:02

சரி, எது காரணமானாலும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்பை அணைத்து அரை மணி அசையாமல் வையுங்கள், எண்ணெய் முழுசும் மேலே வரும். அகலக் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து எண்ணெயை மட்டும் வழித்து எடுங்கள். மூன்று கரண்டி வரை வந்தால் நல்லது, சாறு சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாற்றில் கறுப்புத் துகள் தெரிந்தால் கறியை எடுத்துவிட்டுச் சாற்றைக் கண் பெரிதான வடிகட்டியில் ஒருமுறை விடுங்கள். அது உள்ளேயே கிடந்தால் ராத்திரிவரை கசப்பை விட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் வேறு வாணலியில் புது நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விட்டு, நீளவாக்கில் நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியைச் சிறு தீயில் நிதானமாக வதக்குங்கள். கண்ணாடிப் பதம் போதாது, தேன் நிறம் வரவேண்டும். அந்த நிறத்தில்தான் வெங்காயத்தின் இனிப்பு வெளியே வரும், ஓரம் கறுத்தால் மறுபடியும் கசப்பு. அதைக் குழம்பில் கொட்டி, மூடி போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். பச்சையாக அரைத்த வெங்காயத்தின் கசப்பு இந்தக் கொதியிலேயே பாதி போய்விடும்.

பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அரை மூடித் தேங்காயில் கெட்டிப்பால் ஒரு டம்ளர் எடுத்து ஊற்றி, நுரை கூடியதும் இறக்குங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் ஒரு பூச்சு போலப் படியும், கசப்பின் கூர் மழுங்கும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் கொட்டைப்பாக்கு அளவு வெல்லம்.

மலேசியா மச்சான் | மாலை 4:10

செட்டிநாட்டு நாட்டுக்கோழிக் குழம்பில் வெல்லமா? எங்கள் அப்பத்தா கேட்டால் கரண்டியாலேயே போடும்.

பழைய கரண்டி | மாலை 4:13

நாலு கிலோ குழம்பில் பத்து கிராம் வெல்லம் யாருக்கும் இனிக்காது மாப்பிள்ளை. இனிப்பு தெரிகிற அளவுக்குப் போட்டால் தப்பு. உங்கள் அப்பத்தா குழம்பில் கசப்பே வந்திருக்காது, அதனால் தேவைப்படவில்லை.

ஆய்வகக் கரண்டி | மாலை 4:16

வெல்லத்தையும் கிண்ணத்தில் சோதித்துவிட்டுப் போடுங்கள். ஒரு கரண்டிக் குழம்புக்கு ஒரு துளி. அதில் பிடித்தால்தான் சட்டிக்குப் போக வேண்டும்.

வத்தக்குழம்பு வாசகர் | மாலை 5:20

எனக்கு வேறு கதை. மோரில் ஊறப்போட்ட சுண்டைவற்றலை வறுத்துப் போட்டு வத்தக்குழம்பு வைத்தேன். உப்பு, கசப்பு இரண்டுமே தூக்கல். கோழிக் குழம்புக்குச் சொன்னதே இதற்கும் சரிப்படுமா?

தேவகோட்டை ஆச்சி | மாலை 5:31

மோர்ச்சுண்டைவற்றலில் உப்பு உள்ளேயே இருக்கிறது. அதைப் போடுகிற அன்று குழம்புக்கு உப்பைப் பாதிதான் போட வேண்டும். சுண்டை கசக்கத்தான் செய்யும், ஆனால் கறுக வறுத்தால் விஷக்கசப்பு. வற்றலை முதலில் வெளியே எடுத்துவிடு. முருங்கைக்காயையோ கத்தரிக்காயையோ உப்பில்லாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரோடு சேர். புளியைக் கூட்டாதே, கசப்போடு புளிப்பும் சேர்ந்தால் வாய் கூசும். வற்றலை அப்புறம் சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்.

வத்தக்குழம்பு வாசகர் | மாலை 5:35

வெல்லம்?

தேவகோட்டை ஆச்சி | மாலை 5:36

வத்தக்குழம்புக்கு எப்போதும் ஒரு துண்டு போடலாமே. மலேசியா மச்சானிடம் சொல்லாதே.

காரைக்குடி மருமகள் | ஞாயிறு, இரவு 10:40

எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். எண்ணெய் இரண்டரைக் கரண்டி வழித்தேன், கறுப்பாக இருந்தது. வடிகட்டியில் மிளகாய்த் தோல் நிறைய நின்றது. தேன் நிறத்துக்கு வெங்காயம் வதக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று, நடுவில் இரண்டு முறை அடுப்பைக் குறைத்தேன். தேங்காய்ப்பால் ஊற்றியதும் நல்ல மாற்றம். வெல்லம் போடவில்லை, கிண்ணத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை.

கசப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வெறும் சாற்றைக் குடித்தால் எனக்குத் தெரிந்தது. சோற்றில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மாமா மட்டும் "இன்றைக்குக் குழம்பு கொஞ்சம் சாதுவாக இருக்கிறதே, காரம் குறைத்தாயா?" என்று கேட்டார். தேங்காய்ப்பால் காரத்தையும் சேர்த்து மழுக்கிவிட்டது போல.

பழைய கரண்டி | திங்கள், காலை 6:15

ஆமாம், அது நடக்கும். இறக்கும்போது புதிதாக இடித்த மிளகு அரை ஸ்பூன் தூவியிருந்தால் காரம் நின்றிருக்கும். சொல்ல மறந்துவிட்டேன். எடுத்து வைத்த அரை லிட்டரை மறந்துவிடாதீர்கள். அதையும் எண்ணெய் வழித்து வடிகட்டிவிட்டு முட்டைக்கு வையுங்கள், உப்பு போடாமல்.

தேவகோட்டை ஆச்சி | காலை 7:02

எனக்கு இன்னும் வெங்காயத்தின் மேல்தான் சந்தேகம். ஆத்தா, அந்த மசாலாப் பொடி மிச்சம் இருக்கிறது இல்லையா? வெங்காயத்தை நன்றாக வதக்கி அரைத்து, அதே பொடியில் ஒரு சின்னச் சட்டி வைத்துப் பார். கசந்தால் தம்பி சொன்னது சரி, கசக்காவிட்டால் நான்.

காரைக்குடி மருமகள் | காலை 7:30

ஆச்சி, அந்தப் பொடியை அத்தை விடியற்காலையிலேயே குப்பையில் கொட்டிவிட்டார்கள்.